பிளேட்டிங்குக்குப் போன சரக்கு ஈஆர்பியில் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

மாதவரத்திலோ மணலியிலோ பிரஸ் ஷாப் நடத்துபவர் பிராக்கெட்டை அடித்து, துத்தநாக முலாம் பூச வியாசர்பாடிப் பக்கம் அனுப்புகிறார். போகும்போது குட்டியானையில் மொத்தமாகப் போகிறது. வரும்போது மூன்று தவணையாக, சில நேரம் மீன்பாடி வண்டியில்கூட வருகிறது. மாதக் கடைசியில் ஈஆர்பி ஒரு கணக்குச் சொல்கிறது, பிளேட்டிங்காரர் வேறொன்று சொல்கிறார். அந்த வித்தியாசம் எங்கே பிறந்தது என்று தேடும் வரிசைதான் இங்கே இருக்கிறது. திரையில் வரும் பெயர்கள் ஈஆர்பிநெக்ஸ்ட் 14, 15 பதிப்புகளில் உள்ளவை. வேறு மென்பொருளில் பெயர் மாறலாம், தேடும் வரிசை மாறாது.

எல்லா இடத்திலும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. தகட்டில் அடித்த பிராக்கெட், ஒன்று 42 கிராம். முலாம் பூசாதது `BR-MS`, பூசியது `BR-ZN`. ஒரு சலானில் 10,000 பீஸ், அதாவது 420 கிலோ போகிறது. பீஸ் விலை ரூ.5.20, பிளேட்டிங் கூலி கிலோவுக்கு ரூ.18. பிளேட்டிங்காரர் பெயரில் ஈஆர்பியில் தனி வேர்ஹவுஸ் இருக்க வேண்டும். அவரிடம் உள்ள நம் சரக்கு அந்தக் கணக்கில்தான் நிற்கும். அவர் இடத்தில் இருந்தாலும் சரக்கு நம்முடையதே. ஐந்து பிளேட்டிங்காரருக்கும் சேர்த்து "ஜாப் ஒர்க்" என்று ஒரே வேர்ஹவுஸ் வைத்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். பிரிக்காமல் கீழே உள்ள எந்தச் சோதனையும் பதில் தராது.

## அறிகுறி 1: அவரிடம் சரக்கு இருப்பதாக ஈஆர்பி சொல்கிறது, அவர் "எல்லாம் கொடுத்துவிட்டேன்" என்கிறார்

அதிகம் வரும் புகார் இதுதான். சுலபமான காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

வரவு பதியப்படவில்லை. பகலில் கனரக வண்டி நெரிசலுக்குப் பயந்து பல வண்டிகள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேரும். அந்த நேரத்தில் ஸ்டோர்ஸில் ஆள் இருக்காது. வாட்ச்மேன் கேட் நோட்டில் எழுதி இறக்கி வைப்பார், காலையில் பிளேட்டிங் சரக்கு நேராகப் பேக்கிங்குக்குப் போய்விடும். கேட் நோட்டையும் `Subcontracting Receipt` பட்டியலையும் தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டில் இருந்து திரையில் இல்லாத வரி கிடைத்தால் வேலை முடிந்தது.

பில் மட்டும் பதியப்பட்டிருக்கிறது. கணக்குப் பிரிவு பிளேட்டிங்காரரின் பில்லை நேரடியாக `Purchase Invoice` ஆகப் போட்டுவிட்டது. பணம் போய்விட்டது, சரக்கு நகரவில்லை. அவருடைய லெட்ஜரில் உள்ள ஒவ்வொரு பில்லுக்கும் `Purchase Order` இணைப்பு இருக்கிறதா, அதற்கு நேராக ஒரு வரவு இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பில்லாத பில்தான் குற்றவாளி. ரத்து செய்து, வரவைப் பதிந்து, ஆர்டரிலிருந்து பில்லை எடுக்க வேண்டும்.

பூசாமலே திரும்பி வந்தது. துருவேறிய சரக்கு, எண்ணெய் போகாத சரக்கு ஆகியவற்றைப் பிளேட்டிங்காரர் அப்படியே திருப்பி அனுப்புவார். அது `BR-ZN` வரவல்ல, `BR-MS` திரும்புதல். `Subcontracting Order` திரையில் `Create` பட்டனின் கீழ் `Return of Components` இருக்கிறது. அங்கிருந்துதான் பதிய வேண்டும். மழைக்காலத்தில் இதைக் கட்டாயம் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எண்ணெய் தடவாமல் இரண்டு நாள் திறந்து கிடந்த தகடு, கடற்காற்றில் மூன்றாம் நாள் சிவந்துவிடும்.

உண்மையான குறைவு. மேலே உள்ள மூன்றும் இல்லையென்றால்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். அதற்கும் முன்னால் அடுத்த அறிகுறியைப் படியுங்கள். அளவு முறையில் பிழை இருந்தால் குறைவு எவ்வளவு என்பதே தெரியாது.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* குறைவு இவ்வளவு என்று இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்ட பிறகு, அதை அவரிடம் வசூலிப்பதா, நாமே தள்ளுபடி செய்வதா என்று தீர்மானிக்கும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். தொலைந்த, தள்ளுபடி செய்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5)(h) திருப்பக் கேட்கிறது. ஸ்டோர்ஸ் தனியாக முடிவெடுக்கும் விஷயம் அல்ல.

## அறிகுறி 2: அனுப்பியதைவிட அதிகம் வந்ததாக ஈஆர்பி காட்டுகிறது, அல்லது பிளேட்டிங்காரர் வேர்ஹவுஸ் மைனஸில் நிற்கிறது

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காரணம், இந்த "அதிகம்" பெரும்பாலும் ஒரு குறைவை மறைத்துக்கொண்டிருக்கும்.

முதலில் நேரம். `Stock Ledger` அறிக்கையில் பொருளையும் அவருடைய வேர்ஹவுஸையும் வடிகட்டி, வரிகளை நேர வரிசையில் பாருங்கள். அனுப்பியது 6-ம் தேதி காலை பதிவாகி, வரவு 5-ம் தேதி மாலை பதிவாகியிருக்கும். நடந்தது நேர்மாறாக இருக்காது, பதிந்த வரிசைதான் பிசகியிருக்கிறது. பதிவை ரத்து செய்து, `Edit Posting Date and Time` டிக் செய்து, சலானில் உள்ள நேரத்தோடு மறுபடி போடுங்கள். வழியை அடைக்கிறதே என்று `Allow Negative Stock` திறந்துவிடாதீர்கள். அதைத் திறந்த நாளிலிருந்து இந்தப் பிழைகள் எச்சரிக்கையே இல்லாமல் உள்ளே வரும், விலைக் கணக்கும் கூடவே கெடும்.

பிறகு எடை. நேரம் சரியாக இருந்தும் அதிகம் காட்டினால், எண்ணிக்கையை எடையிலிருந்து கணக்கிடுகிறீர்களா என்று பாருங்கள். முலாம் பூசினால் எடை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஈஆர்பியில் பதிந்திருக்காது. நம் பிராக்கெட்டின் மேற்பரப்பு இரு பக்கமும் ஓரமும் சேர்த்து ஏறக்குறைய 60 சதுர செ.மீ. முலாம் 8 மைக்ரான், அதாவது 0.0008 செ.மீ. துத்தநாகத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.14 கிராம்.

```
60 × 0.0008 × 7.14 = 0.34 கிராம்
42.00 + 0.34 = 42.34 கிராம்
```

0.8 சதவீதம்தான். ஆனால் தகடு மெல்லிசாக ஆக இந்தச் சதவீதம் ஏறும். 1 மி.மீ. தகட்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

இப்போது வரவைப் பாருங்கள். மூன்று தவணையில் 150, 150, 122 கிலோ, மொத்தம் 422 கிலோ வந்திருக்கிறது. பழைய 42 கிராமிலேயே வகுத்தால் 10,048 பீஸ். அனுப்பியதோ 10,000. ஈஆர்பி 48 அதிகம் என்கிறது. ஸ்டோர்ஸும் "கூடத்தானே வந்திருக்கிறது" என்று விட்டுவிடும். 42.34 கிராமில் வகுத்தால் 9,967 பீஸ். உண்மையில் 33 குறைவு. புத்தகத்துக்கும் ரேக்குக்கும் இடையே 81 பீஸ் இடைவெளி. வாடிக்கையாளருக்கு எண்ணிக் கட்டும்போது அது வெளியே வரும், அப்போது பழி பேக்கிங் ஆட்கள் மேல் விழும்.

இந்த 33 பீஸைப் பற்றி பிளேட்டிங்காரரோடு சண்டை வேண்டாம். பேரல் பிளேட்டிங்கில் பீஸ் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், சில டாங்கின் அடியில் தங்கும். 0.33 சதவீதம் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. கவலைப்பட வேண்டியது வேறு: பழைய கணக்கு முறையில் 80 பீஸ் வரை காணாமல் போனாலும் ஈஆர்பி "சரி" என்றே காட்டும்.

சோதனை இப்படி. வந்த சரக்கில் மூன்று வெவ்வேறு டப்பாவிலிருந்து கலந்து 100 பீஸ் எண்ணி எடுங்கள். 1 கிராம் துல்லியமுள்ள மேசைத் தராசில் நிறுங்கள். பூசாத 100 பீஸ் 4,200 கிராம், பூசிய 100 பீஸ் 4,234 கிராம் வர வேண்டும். வித்தியாசம் 34 கிராம்தான் என்பதால், 50 கிராம் துல்லியமுள்ள பிளாட்ஃபாரம் தராசில் இது தெரியவே தெரியாது. நிறுக்கும் முன் பீஸ் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சென்ட்ரிஃபியூஜில் சரியாகச் சுற்றாமல் ஈரத்தோடு வந்த லாட்டில் தண்ணீரும் எடையில் சேரும். காலி டப்பா எடையையும் ஒவ்வொரு முறையும் போடுங்கள். ஒரே நிறத்து டப்பா என்பதால் ஒரே எடை என்று நினைக்க முடியாது.

திருத்தம் இரண்டு இடத்தில். முதலில் பொருள் மாஸ்டர். இரண்டு பொருளுக்கும் ஸ்டாக் அலகு `Nos` ஆகவே இருக்கட்டும். `Kg` மாற்று விகிதம் மட்டும் தனித்தனி:

```
BR-MS : 1 Kg = 1000 / 42.00 = 23.81 Nos
BR-ZN : 1 Kg = 1000 / 42.34 = 23.62 Nos
```

பெரும்பாலான இடங்களில் `BR-MS` மாஸ்டரை நகலெடுத்துத்தான் `BR-ZN` உருவாக்கியிருப்பார்கள். விகிதமும் நகலாகி வந்திருக்கும். பிழையின் வேர் அங்கேதான்.

இரண்டாவது `Buying Settings`. அங்கே `Backflush Raw Materials of Subcontract Based On` என்று ஒரு தேர்வு உண்டு. அது `BOM` என்றிருந்தால், 9,967 வந்தால் 9,967 மட்டும் கழியும். மீதி 33 அவர் வேர்ஹவுஸிலேயே என்றைக்கும் நிற்கும். ஆறு மாதத்தில் இப்படி முப்பது லாட்டின் மிச்சம் சேர்ந்து, அறிகுறி 1 ஆகத் திரும்பி வரும். `Material Transferred for Subcontract` என்று மாற்றினால், வரவில் கழியும் அளவை நாமே திருத்தலாம். மூன்று தவணையையும் இப்படிப் பதியுங்கள்:

- முதல் வரவு 3,543 பீஸ், கழிவது 3,543
- இரண்டாவது 3,543 பீஸ், கழிவது 3,543
- கடைசி 2,881 பீஸ், `Consumed Qty` 2,914

கழிந்தது மொத்தம் 10,000. அவர் கணக்கில் மிச்சம் பூஜ்யம். 33 பீஸின் விலை ரூ.172 கடைசித் தவணையின் மேல் ஏறி, பீஸுக்கு 6 பைசா கூடும். இயல்பான நஷ்டம் சரக்கின் விலையில் சேர்வதுதான் முறை. நஷ்டம் இயல்பை மீறினால் இப்படிச் செய்யக் கூடாது. 400 பீஸ் காணோம் என்றால் அதை `Material Issue` வழியாக நஷ்டக் கணக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் காணாமல் போன சரக்கு கையிருப்பின் மதிப்பாக மாறி உட்கார்ந்திருக்கும். எது இயல்பு என்ற எல்லையை முன்கூட்டியே பிளேட்டிங்காரரோடு பேசி ஆர்டரில் எழுதிவிடுங்கள். இந்த மாதிரி பேரல் வேலைக்கு 0.5 சதவீதம் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். எண்ணி மாட்டும் ரேக் பிளேட்டிங்குக்கு நஷ்டத்தை ஏற்கவே வேண்டாம்.

கடைசியாக மறுபூச்சு. வெள்ளைத் துரு பிடித்த `BR-ZN` மறுபடி பிளேட்டிங்குக்குப் போகிறது. அதை `BR-MS` என்று சலான் போட்டு அனுப்பினால் பூசாத சரக்கு மைனஸ் ஆகும், பூசிய சரக்கு இரண்டு முறை வரவாகும். `BR-ZN` என்றே அனுப்பி `BR-ZN` வாங்கலாம் என்றால், ஒரு பொருள் தன்னையே மூலப்பொருளாகக் கொள்ளும் பிஓஎம்மை ஈஆர்பி ஏற்காது. `BR-ZN-RJ` என்று மூன்றாவது பொருள் உருவாக்குங்கள். கெட்ட சரக்கை `Repack` வகை `Stock Entry` மூலம் அதற்கு மாற்றி, அதிலிருந்து `BR-ZN` வரும்படி தனி பிஓஎம், தனி ஆர்டர் போடுங்கள். மறுபூச்சுக்குக் கூலி கிடையாது என்பது பேச்சாக இருந்தால், அந்த ஆர்டரில் கூலி விலை பூஜ்யம்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* மைனஸ் பல மாதம் பின்னால் தொடங்கியிருந்து, அதற்குப் பிறகு அந்தச் சரக்கு விற்பனையாகியிருந்தால் நீங்களே பழைய பதிவை ரத்து செய்யத் தொடங்காதீர்கள். ஒரு பழைய வரியை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த எல்லா வரியின் விலையையும் மென்பொருள் மறுபடி கணக்கிடும். ஈஆர்பி நிறுவித் தந்தவரைக் கூப்பிட்டு, தரவின் நகலில் முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: முலாம் பூசிய பீஸின் விலை நம்பும்படி இல்லை

முதலில் வர வேண்டிய விலையைக் காகிதத்தில் போடுங்கள். ஆர்டர் 420 கிலோவுக்கு ரூ.7,560, பீஸுக்கு 76 பைசா. வண்டி வாடகை போகவர ரூ.600 என்றால் 6 பைசா.

```
5.20 + 0.76 + 0.06 = 6.02 ரூபாய்
```

இப்போது வரவின் வரியில் மூலப்பொருள், கூலி, கூடுதல் செலவு என்று மூன்று பங்கும் தனித்தனியாகத் தெரியும். எது பிசகுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

விலை 82 பைசாதான் காட்டுகிறது. மூலப்பொருளின் பங்கு பூஜ்யம். `BR-MS` விலையே இல்லாமல் உள்ளே வந்திருக்கிறது. பெரும்பாலும் தொடக்கக் கையிருப்பு போடும்போது `Allow Zero Valuation Rate` டிக் செய்திருப்பார்கள். அந்த முதல் பதிவைச் சரிசெய்தால்தான் பின்னால் உள்ளதெல்லாம் சரியாகும். வரவில் விலையைத் தட்டிப் பயனில்லை.

விலை ரூ.23 போலக் காட்டுகிறது. ஆர்டரில் கூலியைக் கிலோவுக்கு ரூ.18 என்று போடாமல் பீஸுக்கு ரூ.18 என்று போட்டிருக்கிறார்கள். கூலி வரியில் அளவு 420, அலகு `Kg` என்றும், `Finished Good Qty` 10,000 என்றும் இருக்க வேண்டும். இரண்டிலும் 10,000 இருந்தால் பிழை அதுதான்.

விலை சரி, லாபம் சரியில்லை. சின்ன லாட்டைச் சந்தேகப்படுங்கள். 500 பீஸ், 21 கிலோ அவசரமாக அனுப்பினால் கிலோக் கணக்கில் கூலி ரூ.378. பிளேட்டிங்காரர் குறைந்தபட்ச லாட் கட்டணம் ரூ.750 என்று பில் போட்டால் பீஸுக்கு ரூ.1.50. ஆர்டர் ரூ.378-க்கு இருந்தால் சரக்கில் பழைய 76 பைசாவே நிற்கும். பில்லில் தொகையை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே வந்த சரக்கின் விலை தானாக ஏறாது என்று எடுத்துக்கொண்டு, வரவு போடும் முன்பே ஆர்டரைத் திருத்துங்கள். வண்டி வாடகையையும் அப்போதே வரவின் `Additional Costs` அட்டவணையில் சேர்க்க வேண்டும். வாடகையைச் சில்லறைச் செலவில் எழுதும் பழக்கம் இருக்கும்வரை எந்த பிளேட்டிங்காரர் மலிவு என்று கண்டுபிடிக்க முடியாது. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்பவர் தூரத்தில் இருந்தால், 420 கிலோவில் மிச்சமாகும் ரூ.420-ஐ வண்டியே தின்றுவிடும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பிழை முடித்த ஆண்டில் இருந்தால். `Repost Item Valuation` ஓட்டினால் பழைய மாதங்களின் செலவும் கையிருப்பும் மாறும், தாக்கல் செய்த கணக்கோடு ஒத்துப்போகாது. ஆடிட்டரும் ஈஆர்பி ஆளும் சேர்ந்து உட்கார்ந்து, பழையதை விட்டுவிட்டு இந்த ஆண்டில் ஒரே சரிக்கட்டும் பதிவு போடுவதா என்று முடிவு செய்யட்டும்.

## அறிகுறி 4: `ITC-04` போடும்போது சலான் மிச்சம் காட்டுகிறது

ஸ்டாக் சரியாக இருந்தும் இது வரும். காரணம், ஸ்டாக் மொத்தமாகச் சேர்ந்தால் போதும், ஜாப் ஒர்க் சரக்குக்கான இந்த ஜிஎஸ்டி படிவத்தில் எந்தச் சலானுக்கு எதிராக எது திரும்பியது என்று வேண்டும். பிளேட்டிங்காரர் தன் சலானில் நம் சலான் எண்ணை எழுதவில்லை என்றால், ஸ்டோர்ஸ் கையில் கிடைத்த ஆர்டரில் வரவு போட்டுவிடும். ஒரு சலான் தாண்டிப்போகும், இன்னொன்று திறந்தே கிடக்கும். திரும்பும் சலானில் நம் எண் இல்லாத வண்டியை இறக்கும்போதே அவருக்குப் போன் போட்டு எண் வாங்கி எழுதுவதுதான் மலிவான தீர்வு. ஏற்கெனவே குழம்பியிருந்தால் பழைய சலானிலிருந்து வரிசையாக அடைத்துக்கொண்டே வாருங்கள்.

ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அக்டோபர் 25, ஏப்ரல் 25 கெடு. அதற்குள் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 25. இந்த முறை 2021 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ளது. ஆனால் உண்மையான கெடு படிவத்தினுடையதல்ல. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 143-இன்படி அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே அவருக்கு விற்றதாகக் கணக்காகி, வரியும் அன்றிலிருந்து வட்டியும் கட்ட வேண்டும். அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர் போன்றவற்றுக்கு இந்தக் கெடு இல்லை. அவற்றைச் சரக்கோடு ஒரே சலானில் போட்டால் பட்டியலில் வீணாகக் கிடந்து பயமுறுத்தும், தனிச் சலான் போடுங்கள்.

மாதம் ஒருமுறை பிளேட்டிங்காரர் வேர்ஹவுஸுக்கு மட்டும் `Stock Ageing` எடுத்து, 270 நாளைத் தாண்டியதைத் தனியாக எழுதுங்கள். பெரும்பாலும் அது 33, 21, 40 என்று சின்னச் சின்ன மிச்சமாகத்தான் இருக்கும். அறிகுறி 2-இல் சொன்னபடி கழிக்காமல் விட்டவை. நேரில் போய், அவருடைய ஷெட்டில் அவரோடு சேர்ந்து எண்ணி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு அவற்றை முடியுங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* 270 நாள் பட்டியலில் உண்மையாகவே அவரிடம் உள்ள சரக்கு இருந்தால் உடனே திரும்ப எடுங்கள். கெடுவுக்குள் எடுக்க முடியாத நிலை என்றால், 365-ம் நாளுக்காகக் காத்திராமல் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். தக்க காரணம் காட்டினால் ஆணையர் இன்னும் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். அதற்கு மனு எழுத சலான், கேட் நோட்டு, எண்ணிக்கைத் தாள் மூன்றும் அவர் கையில் இருக்க வேண்டும்.